7 வயதிலேயே வியர்வை நாற்றம், முடி வளர்ச்சி... மகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவாளா? பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பள்ளி விட்டு வரும் 7 வயது மகளின் சீருடையில் பெரியவர்களிடம் வருவது போன்ற வியர்வை நாற்றம். குளிப்பாட்டும்போது பார்த்தால், பிறப்புறுப்புப் பகுதியில் நாலைந்து கறுப்பு முடிகள். ஆனால் மார்பு வளர்ச்சி எதுவும் இல்லை. "அய்யோ, அதுக்குள்ள வயசுக்கு வந்துடுவாளோ?" என்பதுதான் பல அம்மாக்களுக்கு வரும் முதல் பயம்.

சுருக்கமான பதில்: நாற்றமும் முடியும் மட்டும் இருந்தால், அது பூப்படைதலின் தொடக்கம் அல்ல. பெரும்பாலான குழந்தைகளுக்கு இதற்கு சிகிச்சையும் தேவைப்படாது. ஆனால் சில குழந்தைகளுக்குப் பரிசோதனை அவசியம். இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

இரண்டும் வேறு வேறு சுரப்பிகளின் வேலை

ஒரு பெண் குழந்தை வயதுக்கு வருவதை இயக்குவது சினைப்பை. மூளையிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி உத்தரவு கொடுத்ததும், சினைப்பை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். அதன் முதல் அடையாளம் மார்பு வளர்ச்சி. அது தொடங்கி ஏறக்குறைய 2 முதல் 2½ ஆண்டுகள் கழித்துத்தான் முதல் மாதவிடாய் வரும்.

வியர்வை நாற்றத்துக்கும் முடிக்கும் காரணம் வேறு. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள்தான் அவற்றுக்குப் பின்னால் இருக்கின்றன. பொதுவாக 6 முதல் 8 வயதுக்குள் இந்தச் சுரப்பியின் உள்ளடுக்கு ஒன்று முதிர்ந்து, டி.எச்.இ.ஏ. என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கத் தொடங்கும். இதைத்தான் டாக்டர்கள் 'அட்ரினார்க்கி', அதாவது அட்ரீனல் முதிர்ச்சி என்கிறார்கள். இது எல்லாக் குழந்தைகளுக்கும் நடக்கும். பலருக்கு வெளியே தெரியாமலே நடந்துவிடும்.

இந்த ஹார்மோனின் ஒரு பகுதியை உடல், ஆண் ஹார்மோன் வகையாக மாற்றிக்கொள்கிறது. அதனால் அக்குளில் உள்ள ஒருவகை வியர்வைச் சுரப்பிகள் வேலை செய்யத் தொடங்கும். அவை சுரக்கும் திரவத்துக்குத் தனியாக வாசனை கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. இதே ஹார்மோனால் முடி வளரலாம், தலையில் எண்ணெய்ப் பிசுக்கு கூடலாம், முகத்தில் ஒன்றிரண்டு பருக்கள் வரலாம்.

சினைப்பையும் அட்ரீனலும் தனித்தனியாக இயங்குபவை. அதனால், 'நாற்றம் வந்துவிட்டது, அடுத்து மாதவிடாய்தான்' என்று கணக்குப் போட முடியாது.

எந்த வயதில் இயல்பு?

8 வயதுக்குப் பிறகு, மார்பு வளர்ச்சிக்கு முன்பே முடி வந்தால் அது இயல்பான வளர்ச்சியின் ஒரு வகைதான். 8 வயதுக்கு முன்பு வந்தால், 'முன்கூட்டிய அட்ரினார்க்கி' என்று பெயர். உடல் எடை கூடுதலாக உள்ள குழந்தைகளிடம் இதை அதிகம் பார்க்க முடிகிறது. பிறக்கும்போது எடை குறைவாக இருந்த சில குழந்தைகளுக்கும் வரலாம். பிராய்லர் கோழி சாப்பிட்டதால்தான் அட்ரீனல் சீக்கிரம் முதிர்ந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை.

6 வயதுக்கு முன்பே முடி தெரிந்தால், காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுவதே சரி.

மார்பு வளர்ச்சியா, கொழுப்பா?

கொஞ்சம் குண்டான குழந்தைகளிடம் இந்தக் குழப்பம் வரும். குழந்தையைப் படுக்க வைத்து, காம்புக்கு நேர் கீழே விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பார்க்கலாம். பட்டன் போல உருண்டு கெட்டியாகத் தட்டுப்பட்டால், அது மார்புத் திசுவாக இருக்கலாம். தொட்டால் லேசாக வலிக்கவும் செய்யும். எங்கும் ஒரே மாதிரி மெத்தென்று இருந்தால் அது கொழுப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகம் இருந்தால் டாக்டர் பார்த்து உறுதி செய்வார். 8 வயதுக்கு முன்பு உண்மையான மார்பு வளர்ச்சி இருந்தால், அதற்கான பரிசோதனைகள் வேறு.

டாக்டர் என்ன பார்ப்பார்?

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 7 வயது 2 மாதமான சிறுமி. நாலு மாதமாக நாற்றம், சமீபத்தில் சில முடிகள். உயரம் 123 செ.மீ., எடை 29 கிலோ. வயதுக்கு எடை அதிகம்.

டாக்டர் முதலில் கேட்பது பழைய உயரக் கணக்கு. இந்த வயதில் ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வளர்வது இயல்பு. இந்தச் சிறுமி கடந்த ஓராண்டில் 6 செ.மீ. வளர்ந்திருக்கிறாள். அடுத்து, இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். இவளுக்கு 8 என்று வருகிறது. முன்கூட்டிய அட்ரினார்க்கியில் எலும்பு வயது ஓராண்டு போல முந்தியிருப்பது சகஜம். 2 ஆண்டுக்கு மேல் முந்தியிருந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் டி.எச்.இ.ஏ. அளவு, பருவ வயது தொடங்கும் பிள்ளைகளுக்கு இருப்பதைப் போலச் சற்றுக் கூடியிருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் கூடவில்லை. காலையில் எடுத்த 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் அளவும் இயல்பாக இருக்கிறது. எனவே இவளுக்கு மருந்து எதுவும் இல்லை. 4 முதல் 6 மாதம் கழித்து உயரத்தை மீண்டும் அளந்து, மார்பு வளர்ச்சி தொடங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் கவனிக்க

அந்த 17-ஹைட்ராக்ஸி பரிசோதனை எதற்கு? அட்ரீனலில் ஹார்மோன் தயாரிக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்தக் குறைபாடு உண்டாகும். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு இதற்கான வாய்ப்பு கூடுதல். டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கண்டுபிடித்துவிட்டால் சிகிச்சை உண்டு.

எப்போது உடனே போக வேண்டும்?

- குரல் கரகரப்பாக, ஆண் குரல் போல மாறுவது
- பெண்குறிக் காம்பு பெரிதாவது
- சில வாரங்களிலேயே முடி அடர்ந்து பரவுவது, முகம் நிறையப் பருக்கள்
- திடீரென்று உயரம் கூடுவது, போன மாதம் வாங்கிய செருப்பு இந்த மாதம் பத்தாமல் போவது
- மார்பு வளர்ச்சி அல்லது ரத்தப்போக்கு

இவை ஆண் ஹார்மோன் மிக அதிகமாகச் சுரப்பதையோ, உண்மையான முன்கூட்டிய பூப்படைதலையோ காட்டலாம். அபூர்வமாக, அட்ரீனலில் கட்டியும் காரணமாக இருக்கும். வீட்டில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசுகிறார்கள் என்றால் அதையும் சொல்ல வேண்டும். அவர்கள் தோலில் இருந்து குழந்தைக்கு ஒட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

மாலையில் ஒரு குளியல், அக்குளில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுவது, தினமும் துவைத்த பருத்தி உள்ளாடை. இதற்கே நாற்றம் பெரும்பாலும் அடங்கிவிடும். தேவைப்பட்டால் வாசனை குறைவான டியோடரன்ட் பயன்படுத்தலாம், ஹார்மோனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முடியை அப்படியே விட்டுவிடலாம். முடி நீக்கும் கிரீம் அந்த இடத்தில் எரிச்சல் உண்டாக்கும்.

முன்கூட்டிய அட்ரினார்க்கி வந்த பெண்கள் பெரும்பாலும் இயல்பான வயதில்தான் பூப்படைகிறார்கள், உயரமும் குறைவதில்லை. எடை கூடிய சிறுமிகளில் சிலருக்கு மட்டும், டீன் ஏஜில் மாதவிடாய் ஒழுங்கின்மை, பி.சி.ஓ.எஸ். வர வாய்ப்பு சற்று அதிகம். அதனால் 6 மாதத்துக்கு ஒருமுறை உயரத்தையும் எடையையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.