வெளிநாட்டு மருந்து போட்டோ வாட்ஸ்அப்பில் வந்திருக்கா? 'எத்தனை மில்லி' என்பதற்கு முன் இதைப் பாருங்க!

கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டை பகுதிகளில் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர்கள் இருக்கும் வீடுகள் நிறைய. ஊருக்கு வரும்போது சாக்லேட், தைலத்தோடு காய்ச்சல் மருந்தும் பெட்டியில் வரும். பிறகு ஒருநாள் ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல். பாட்டிலைப் போட்டோ எடுத்து அனுப்பி, "இதை எவ்வளவு கொடுக்கணும்?" என்று கேட்போம். "நம்ம ஊரு சிரப் மாதிரிதான், 5 மில்லி கொடு" என்று பதில் வரும். ஆபத்து இந்தப் பதிலில்தான் இருக்கு.

மில்லி வேறு, மில்லிகிராம் வேறு

மில்லி (ml) என்பது நாம் ஊற்றும் திரவத்தின் அளவு. மில்லிகிராம் (mg) என்பது அதற்குள் இருக்கும் மருந்தின் அளவு. அதே 5 மில்லிக்குள் எவ்வளவு மருந்து இருக்கு என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும்.

ஓர் உதாரணம். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, நம்ம ஊரில் கிடைக்கும் பாராசிட்டமால் சிரப் ஒரு வேளைக்கு 5 மில்லி என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அந்த பாட்டிலில் 120 mg / 5 ml என்று இருக்கு. அதாவது குழந்தைக்குப் போவது 120 மில்லிகிராம். பொதுவாக ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். அதனால் இது சரியான அளவு.

இப்போது அதே 5 மில்லியை வேறு பாட்டிலில் இருந்து ஊற்றினால் என்ன ஆகும்?

* 250 mg / 5 ml பாட்டில்: 250 மில்லிகிராம் போகும். இரண்டு மடங்குக்கும் மேல்.
* 100 mg / 1 ml சொட்டு மருந்து: 500 மில்லிகிராம் போகும். பெரியவர் போடும் ஒரு முழு மாத்திரைக்குச் சமம்!

120 மில்லிகிராம் வேண்டுமென்றால், முதல் பாட்டிலில் 2.4 மில்லியும் சொட்டு மருந்தில் 1.2 மில்லியும்தான் எடுக்கணும். அதனால் டாக்டரிடம் "எத்தனை மில்லி?" என்று மட்டும் கேட்காதீங்க. "எத்தனை மில்லிகிராம்?" என்றும் கேளுங்க.

இந்தக் குழப்பம் நம்ம ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் கைக்குழந்தைகளின் சொட்டு மருந்து அதிக அடர்த்தியாகவும், பெரிய குழந்தைகளின் சிரப் 160 mg / 5 ml ஆகவும் விற்றன. ஒன்றை மற்றொன்றாக நினைத்து அளவு தவறியதால், 2011-ல் நிறுவனங்கள் தாங்களாகவே எல்லாவற்றையும் 160 mg / 5 ml என்ற ஒரே அளவுக்கு மாற்றின.

போட்டோவில் என்னென்ன தெரியணும்?

முன்பக்கம் மட்டும் போதாது. மருந்தின் பெயர், mg / ml அளவு, எச்சரிக்கை எழுதிய பக்கம், காலாவதி தேதி, கூட வந்த அளவு மூடி அல்லது சிரிஞ்ச் எல்லாம் தனித்தனியாகத் தெரியணும். வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் எழுத்து மங்காது. புள்ளி ஒன்று மறைந்தாலே 1.5 என்பது 15 ஆகிவிடும்.

வளைகுடா பெட்டிகளில் அரபி எண்களை ஊகிக்காதீங்க. அதில் 5 நம்ம பூஜ்யம் மாதிரி வட்டமாக இருக்கும். பூஜ்யம் வெறும் புள்ளி. 6 பார்க்க நம்ம 7 மாதிரி இருக்கும். பெட்டியைத் திருப்பினால் பெரும்பாலும் ஆங்கிலம் இருக்கும், அதைப் படம் எடுங்க.

எச்சரிக்கையில் முதலில் தேட வேண்டியது

'பாராசிட்டமால் உள்ள வேறு மருந்துடன் சேர்க்க வேண்டாம்' என்ற வரிதான். வெளிநாட்டு பனடால், நம்ம ஊரு டோலோ இரண்டும் பாராசிட்டமால்தான். அமெரிக்கப் பெட்டியில் இதே மருந்து 'அசிட்டமினோஃபென்' (Acetaminophen) என்ற பெயரில் இருக்கும். தலைவலிக்கு இரண்டு பனடால் எக்ஸ்ட்ரா போட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் காய்ச்சலுக்கு ஒரு டோலோ 650 போட்டால், மொத்தம் 1,650 மில்லிகிராம். ஆரோக்கியமான பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. கல்லீரல் பிரச்சினை அல்லது குடிப்பழக்கம் இருந்தால் இந்த அளவும் ஆபத்து.

அதிகமாகக் கொடுத்துவிட்டால்?

"குழந்தை நல்லாத்தானே விளையாடுது" என்று காத்திருக்காதீங்க. பாராசிட்டமால் அதிகமானால் முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம், அல்லது வாந்தி மட்டும் இருக்கலாம். கல்லீரல் பாதிப்பு இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். இதற்கு மாற்று மருந்து உண்டு. ஆனால் முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதன் பலன் மிக அதிகம்.

எனவே பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு, கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே போங்க. அவசரத்துக்கு 108. மருந்து பற்றிய சந்தேகத்துக்கு, கொடுப்பதற்கு முன்பே 104-ஐ அழைக்கலாம். எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீங்க என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்க. டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.