கம்பிக்குள் வெயில் – 9: உறை போட்டால் குளிரும்!

ஒயரின் ஆயுளை முடிவு செய்வது செம்பு அல்ல, அதன் மேல் இருக்கும் பி.வி.சி. உறைதான் என்று போன வாரம் முடித்திருந்தேன். உறை தாங்கும் எல்லை 70 டிகிரி செல்சியஸ். அவ்வளவு ஞாபகம் இருந்தால் போதும்.

ஒரே பைப்பில் பல ஒயர்களைத் திணிப்பது பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் பட்டர்வொர்த் வாசகர் ஒருவரின் கேள்வி குறுக்கே வந்துவிட்டது. “உறை தடிமனாக இருந்தால் உள்ளே கம்பி வெந்துபோகாதா?” நியாயமான சந்தேகம். விடை நேர்மாறானது. கணக்கைப் போட்டுப் பார்த்ததிலிருந்து அதையேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நம் வீடுகளில் பிளக்குப் போகும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை எடுத்துக்கொள்வோம். கம்பியின் ஆரம் 0.9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதன் மேல் 0.8 மில்லிமீட்டர் உறை. 70 டிகிரிச் சூட்டில் ஒரு மீட்டர் கம்பியின் மின்தடை 0.0089 ஓம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை இந்தத் தடையால் பெருக்கினால், ஒரு மீட்டர் கம்பியில் எத்தனை வாட் வெப்பம் பிறக்கிறது என்று தெரியும். அந்த வெப்பம் வெளியேற இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். முதலில் பி.வி.சி. உறை, அடுத்து உறையின் மேற்பரப்பை ஒட்டி நிற்கும் காற்று.

இரண்டில் எது குறுகல்? உறைதான் என்று நினைப்போம். ஒரு மீட்டர் ஒயரில் ஒரு வாட் வெப்பத்தைக் கடத்த உறை கேட்பது அரை டிகிரி வித்தியாசம். அசையாத காற்றோ 4.7 டிகிரி கேட்கிறது! இரண்டும் சேர்ந்து 5.2. வெளியே 30 டிகிரி, கம்பியில் 70 டிகிரி என்றால் நம் கையில் இருப்பது 40 டிகிரி. அதை 5.2ஆல் வகுத்தால் மீட்டருக்கு 7.7 வாட் வெளியேறலாம். அத்தனை வெப்பத்தைப் பிறப்பிக்கும் மின்னோட்டம் 29 ஆம்பியர். திறந்த காற்றில் தனியாக ஓடும் ஒயருக்கு அதுதான் எல்லை. அந்த 40 டிகிரியில் உறைக்குள் செலவாவது நான்கே டிகிரி, மீதி 36ம் காற்றுக்குப் போகிறது. ஒயரின் உறையை விரலால் தொட்டால், உள்ளே இருக்கும் செம்பின் சூட்டை ஏறக்குறைய அப்படியே தொடுகிறீர்கள்.

இப்போது உறையைக் கழற்றிவிடுவோம், தாளில் மட்டும். கம்பியின் மேற்பரப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. காற்று வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் இடமும் பாதி. அதே காற்று அதே வேகத்தில் வாங்கினால், 70 டிகிரியைத் தொட 22 ஆம்பியரே போதும். உறை போட்ட கம்பி 29 தாங்குகிறது, அம்மணமான கம்பி 22! உறையின் ஆரத்தை 5 மில்லிமீட்டராக்கினால் ஏட்டுக்கணக்கு 39 ஆம்பியர் என்கிறது. (பருமன் கூடக் கூட, ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலிருந்தும் காற்று வாங்கும் வெப்பம் குறைந்துகொண்டே போகும். அதனால் நிஜத்தில் லாபம் இவ்வளவு வராது.) ஓர் ஆரத்தைத் தாண்டிய பிறகு உறையே தடையாகிவிடும். உறையின் வெப்பம் கடத்தும் திறனை, மேற்பரப்பிலிருந்து காற்று வெப்பத்தை வாங்கும் திறனால் வகுத்தால் அந்த எல்லை ஆரம் கிடைக்கும். நம் ஒயருக்கு அது சுமார் 10 மில்லிமீட்டர். வீட்டு ஒயர் எதுவும் அதன் பக்கத்தில்கூட வராது.

உறை என்றதும் ஒரு கிளைக்கதை. சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்திக் கேபிள் வந்து, அது சிங்கப்பூர்வரை இணைந்தது 1871இல். அதன் உறை பி.வி.சி. அல்ல, குட்டா பெர்ச்சா. நம் மலாயாக் காடுகளின் தாபான் மரத்துப் பால். வெந்நீரில் போட்டால் குழைந்துவிடும் பொருள். அதனால் வெப்பநாட்டுக் கடல்களைக் கடக்கும் கப்பல்களில் அந்தக் கேபிளைத் தண்ணீர்த் தொட்டிகளில் ஊறப்போட்டே கொண்டு வந்தார்கள். கடலடியில் இறங்கிய பிறகு கவலை இல்லை. தந்தி மின்னோட்டம் சொற்பம், சுற்றிலும் குளிர்ந்த நீர். உறைக்குச் சூட்டு எல்லை உண்டு என்ற பாடம் இந்தத் தீவுக்கு அவ்வளவு பழையது.

சரி, ஜார்ஜ்டவுனுக்குத் திரும்புவோம். மேலே போட்ட கணக்கெல்லாம் 30 டிகிரிக் காற்றுக்கு. ஒயர் அட்டவணைகளும் அந்த 30ஐ வைத்தே அச்சாகின்றன. ஆனால் லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் சீலிங்குக்கு மேல், மதியம் இரண்டு மணிக்கு ஓட்டுக்கூரையின் அடியில் 50 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிருப்பு 40 டிகிரியிலிருந்து 20க்கு இறங்கிவிட்டது. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், பாதி வெப்பத்துக்குப் பாதி மின்னோட்டம் இல்லை. பாதியின் வர்க்கமூலம், 0.71. எல்லை 29லிருந்து 21 ஆம்பியருக்கு வருகிறது. அட்டவணையின் ஓரத்தில் 50 டிகிரிக்கு நேராக அச்சாகியிருக்கும் திருத்த எண்ணும் இதே 0.71தான்.

அந்த சீலிங்குக்கு மேல் சூட்டைத் தடுக்கப் பாறைப் பஞ்சு விரித்து, ஒயரையும் அதற்குள் புதைத்துவிட்டால்? வாசகரின் பயம் இங்கேதான் நிஜமாகிறது. பஞ்சின் வெப்பம் கடத்தும் திறன் பி.வி.சி.யில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு எல்லை ஆரம் 2 மில்லிமீட்டர். நம் ஒயரே 1.7 இருக்கிறது. அதனால் சேரும் ஒவ்வொரு சென்டிமீட்டர் பஞ்சும் நஷ்டம். சுற்றிலும் 10 சென்டிமீட்டர் பஞ்சு என்றால் 30 டிகிரியில் எல்லை 16 ஆம்பியர், 50 டிகிரியில் 12ஐக்கூட எட்டாது. அரை மீட்டர் நீளத்துக்கு மேல் பஞ்சுக்குள் புதைந்த ஒயரின் மின்னோட்ட எல்லையைப் பாதியாகக் குறை என்று பிரிட்டிஷ் வயரிங் விதிகள் சொல்வது சும்மா அல்ல. ஒன்றரைக் குதிரைத்திறன் ஏர்கோன் இரண்டை ஒரே ஒயரில் மாட்டினாலே 11 ஆம்பியர் வரும்.

எம்.சி.பி. காப்பாற்றாதா என்பீர்கள். அது இருப்பது கீழ்த்தளத்தில், நிழலில். அதற்குக் கூரையின் சூடு தெரியாது. 20 ஆம்பியர் எம்.சி.பி. 22.6 ஆம்பியரை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும், 29 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். விதியே அப்படி. இடையில் 28 ஆம்பியர் ஓடினால்? அதே 50 டிகிரிக் கூரையில், பஞ்சே இல்லாவிட்டாலும், கம்பி 90 டிகிரியை நெருங்கிவிடும். உறை உடனே எரியாது. பி.வி.சி.யை வளையவைக்கும் மென்மையூட்டி கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், நிறம் பழுப்பாகும், பழைய ஒயரை மடக்கினால் நொறுங்கும். சீலிங்கைத் திறக்கும் நாளில் அதைப் பார்க்கலாம். ஆனால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற ஒயர்மேனை வைத்துக்கொண்டு பாருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒற்றை ஒயரின் கணக்கு. லைவும் நியூட்ரலும் எப்போதும் ஒட்டியே ஓடுகின்றன, ஒன்றின் சூடு மற்றதில் ஏறுகிறது, ஆகவே இந்த எண்கள் எல்லாம் கொஞ்சம் தாராளமானவை. பைப்புக்குள் ஆறு ஒயர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த வாரம். இந்த முறை நிச்சயம். அதற்குள் உங்கள் ஒயர்மேனிடம் ஒன்று கேட்டு வையுங்கள்: கூரையில் ஓடும் ஒயருக்கு அவர் எத்தனை டிகிரி வைத்துக் கணக்குப் போட்டார்?