சிவப்புக் கோடும் 25 மில்லிமீட்டரும்

மும்பைக்குப் பிழைக்க வந்த நம்மவர்களில், டைப்பும் ஷார்ட்ஹேண்டும் படித்துவிட்டு வந்தவர்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். டிராயிங் போர்டை நம்பி ரயில் ஏறியவர்களும் உண்டு. அடியேன் அந்த இரண்டாவது கோஷ்டி. பைப், பம்ப், பவுண்டேஷன் என்று முப்பத்தைந்து ஆண்டுகள் ஓட்டினேன். கடைசிப் பதினைந்து ஆண்டுகள் ‘செக்கர்’ வேலை. அதாவது, பிறர் வரைந்ததில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம்! “மளிகைக் கணக்கிலாவது அந்தச் சிவப்புப் பேனாவைக் கீழே வையுங்களேன்” என்று வீட்டம்மாள் இன்றும் அலுத்துக்கொள்வாள். அந்தச் சிவப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் அமோனியா வாடை வீசும் பிரிண்டின் மேல் சிவப்புப் பென்சிலால் திருத்தம் போடுவோம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. டிராஃப்ட்ஸ்மேன் ஆட்டோகேடில் வரைவார். அதைப் பிடிஎஃப் ஆக்கிச் செக்கருக்கு அனுப்புவார். செக்கர் மூலப் படத்தில் கை வைக்க மாட்டார். பிடிஎஃபின் மேலேயே குறிப்புப் போட்டுத் திருப்பி அனுப்புவார். டிராஃப்ட்ஸ்மேன் அதைப் பார்த்து மூலப் படத்தைத் திருத்துவார். ‘நீயே திருத்திவிட்டால் என்ன?’ என்று கேட்கலாம். திருத்தியவனே சரிபார்ப்பவனாகவும் இருந்தால், அவன் தப்பை யார் பிடிப்பது? அதற்காகத்தான் இரண்டு கை.

வண்ணத்துக்கும் வழக்கம் உண்டு. எங்கள் அலுவலகத்தில் சிவப்பு என்றால் சேர், பச்சை என்றால் நீக்கு, நீலம் என்றால் இது உனக்கு மட்டும் சொல்லும் விளக்கம், படத்தில் வரையாதே. வேறு அலுவலகங்களில் வேறு மாதிரி இருக்கும். ஒவ்வொரு திருத்தத்தையும் செய்து முடித்ததும் டிராஃப்ட்ஸ்மேன் அந்தக் குறிப்பின் மேல் மஞ்சள் பூசுவார். கடைசியில் மஞ்சள் படாத குறிப்பு ஒன்றும் மிஞ்சக்கூடாது. பிறகு புதுப் பிடிஎஃபையும் பழைய குறிப்புப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செக்கர் ஒத்துப்பார்ப்பார்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் ஒரு முறை சறுக்கினேன். அதைச் சொல்கிறேன்.

2011-ல் ஒரு தொழிற்சாலைக்கான பம்ப் பவுண்டேஷன். கான்கிரீட் கட்டையின் நீளம் 900 மில்லிமீட்டர். அதில் போல்ட்டுக்குப் போல்ட் 600, இரு ஓரத்திலும் 150. கட்டையின் இடது ஓரம் தூணின் மையக் கோட்டிலிருந்து 2000-ல் தொடங்குகிறது. ஆகவே பம்பின் மையம் 2000, 150, 300 என்று கூட்டினால் 2450. பைப் பிரிவினரும் அதே 2450-ஐ வைத்துத்தான் குழாய் வரைந்திருந்தார்கள்.

பம்ப் கம்பெனி மாற்றிய படம் ஒன்றை அனுப்பியது. போல்ட் இடைவெளி 600 அல்ல, 650. நான் பிடிஎஃபில் 600-ஐயும் 900-ஐயும் பச்சையால் அடித்து, சிவப்பில் 650 என்றும் 950 என்றும் எழுதி அனுப்பினேன். இரண்டு நிமிட வேலை.

திருத்தியவர் நாசரேத் பக்கத்துப் பையன். ஒப்பந்த வேலை. கட்டையின் வலது பாதியைப் பிடித்து 50 மில்லிமீட்டர் இழுத்தான். பிளான், செக்‌ஷன், போல்ட் அட்டவணை மூன்றிலும் மறக்காமல் மாற்றினான். 150, 650, 150 கூட்டினால் 950. கணக்கு உதைக்கவில்லை. என் குறிப்புகள் எல்லாவற்றிலும் மஞ்சள். நானும் ஒத்துப்பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

குறிப்புப் போடாத ஓர் எண்ணை இரண்டு பேருமே பார்க்கவில்லை. இடது ஓரத்தின் 2000! இரு பக்கமும் 25, 25 என்று நீட்டியிருந்தால் அது 1975 ஆகி, மையம் 2450-லேயே நின்றிருக்கும். வலது பக்கம் மட்டுமே நீண்டதால் மையம் 2475-க்குப் போய்விட்டது.

சைட்டில் போல்ட்டைக் கான்கிரீட்டோடு சேர்த்தே வார்த்துவிட்டார்கள். பம்ப் வந்தது; போல்ட்டில் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. குழாயைக் கொண்டுவந்தபோதுதான் ஃபிளேன்ஜுக்கும் ஃபிளேன்ஜுக்கும் 25 மில்லிமீட்டர் விலகல். போல்ட்டைப் போட்டு இழுத்து மாட்டிவிடலாம் என்றால் கூடாது. குழாயின் இழுவை முழுதும் பம்பின் மேல் ஏறி, ஷாஃப்ட் நேர் தப்பும். பேரிங்கும் சீலும் சீக்கிரம் போய்விடும். குழாயை அறுத்து, மறுபடி வெல்டிங் செய்து, சோதித்து முடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

அலுவலகத்தில் பழி பையன் தலையில் விழுந்தது. அந்த மாதம்தான் அவன் ஒப்பந்தம் முடிகிறது. “புதுப்பிக்க வேண்டாம்” என்று பேச்சு நடந்தது. அவன் வாய் திறக்கவில்லை. சாயங்காலம் என் மேஜைக்கு வந்து பழைய குறிப்புப் பிரதியைத் திறந்து காட்டினான். “சார், நீங்க 650-னு போட்டிருக்கீங்க. எந்தப் பக்கம் நகரணும்னு போடலை. ஆனா நான் கேட்டிருக்கணும் சார், அது என் தப்புதான்.”

பிடிஎஃபில் போடும் ஒவ்வொரு குறிப்போடும் போட்டவர் பெயரும் நேரமும் தானாகவே ஒட்டிக்கொள்ளும். அந்த 650-இன் மேல் என் பெயர் இருந்தது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அதே பிரதியை மேலதிகாரி முன்னால் திறந்துவைத்து, “அரைகுறையாகச் சொன்னவன் நான், சொன்னதை அவன் செய்திருக்கிறான்” என்றேன். எனக்கு வசவு, அவனுக்கு ஒப்பந்தம்.

அதன்பின் நான் எண்ணை மட்டும் எழுதி அனுப்பியதில்லை. அந்தக் குறிப்பு இப்படி இருந்திருக்க வேண்டும்: ‘போல்ட் இடைவெளி 600-ஐ 650 ஆக்கவும். பம்ப் மையம் 2450 நகரக்கூடாது. இரு பக்கமும் 25 நீட்டவும். இடது ஓரம் 1975.’ எது மாற வேண்டும் என்பதோடு எது மாறக்கூடாது என்பதையும் சொன்னால்தான் குறிப்பு முழுமை. ஒத்துப்பார்க்கும்போதும் சிவப்பு பட்ட இடத்தோடு நிற்காமல், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அளவுகளையும் பக்கத்துப் பிரிவின் படத்தையும் பார்க்க வேண்டும்.

டிராஃப்ட்ஸ்மேனுக்கும் ஒரு வழக்கம் ஏற்படுத்தினோம். சந்தேகமுள்ள குறிப்பில் மஞ்சள் பூசாதே; அந்தக் குறிப்புக்கே பதிலாக உன் கேள்வியை எழுது. பிடிஎஃபில் அதற்கு வசதி இருக்கிறது. வாயால் கேட்டது மறந்துபோகும். அங்கே எழுதியது நிற்கும்.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். குறிப்புப் போட்ட பிடிஎஃபைக் காகிதத்தில் எடுக்கும்போது, பிரிண்ட் பெட்டியில் Document என்று இருந்தால் வெறும் படம்தான் வரும். Document and Markups என்று இருந்தால்தான் சிவப்பும் வரும். ஒரு குறிப்புகூட இல்லாத தாளைப் பார்த்துவிட்டு, ‘பாஸ் பண்ணிட்டாரு’ என்று சந்தோஷப்பட்டவர்களை நான் அறிவேன்!

அந்த நாசரேத் தம்பி இப்போது புனேயில் செக்கர். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தான். அவனிடம் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்தேன். “குறிப்பு ரொம்ப நீளமா எழுதறீங்கன்னு திட்டறாங்க சார்” என்றான். எழுதட்டும், நீளமாகவே எழுதட்டும்.