பதில் வராத மின்னஞ்சல்களைத் தரம் பிரித்தல்

கரூரில் மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, ஏப்ரன் என்று வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களில், கையிலிருக்கும் ஆர்டர்களைக் கவனிப்பதோடு மெர்ச்சன்டைசருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது. இதுவரை பழக்கமில்லாத வெளிநாட்டு பையர்களுக்கு மின்னஞ்சல் எழுதி அறிமுகம் தேடிக்கொள்ள வேண்டும். எழுதியதில் பெரும்பகுதிக்குப் பதில் வராது. அப்போது முதலில் கைவைப்பது கடிதத்தின் வாசகத்தில்தான். தலைப்பு மாறும், விலை குறையும், ஒரு படம் சேரும். அடுத்த வாரமும் அதே நிலைதான் என்றால் மறுபடியும் எல்லாம் மாறும்.

வாசகத்தைத் தொடுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பதில் வராத கடிதங்கள் எல்லாம் ஒரே காரணத்தால் பதிலில்லாமல் போவதில்லை. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், வாசகத்தின் மீது குற்றம் சொல்லக்கூடியவை எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக இருக்கும். வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற கணக்கு இது.

எந்த வாரத்துக் கடிதங்களை எடுத்துப் பார்ப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சனிக்கிழமை உட்கார்ந்து, அந்த வாரம் அனுப்பிய கடிதங்களையும் அந்த வாரம் வந்த பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கணக்கு பிசகும். வந்த பதில்களில் பாதி முந்தைய வாரங்களின் கடிதங்களுக்கு உரியவையாக இருக்கலாம். வியாழக்கிழமை அனுப்பியதை பையர் இன்னும் திறந்தே பார்த்திருக்க மாட்டார். ஆகவே அனுப்பிய வாரத்தை வைத்தே கடிதங்களைக் கட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டையும் ஒரே வயதில், அதாவது கடைசிக் கடிதம் போய் பத்து வேலை நாள் கழிந்தபின், பரிசீலிக்க வேண்டும். 2025 மார்ச் 3 முதல் 7 வரை அனுப்பியவற்றை மார்ச் 22, சனிக்கிழமை எடுத்துப் பார்க்கலாம். ஜிமெயில் பயன்படுத்துபவர்கள் தேடல் பெட்டியில் இந்த இரண்டு வரிகளை ஒவ்வொன்றாக இட்டால், அந்த வாரம் அனுப்பியவையும், போய்ச் சேராமல் திரும்பியவையும் கிடைக்கும்:

```
in:sent after:2025/03/02 before:2025/03/09
from:mailer-daemon after:2025/03/02
```

இனி ஒரு கற்பனைக் கட்டை எடுத்துக்கொண்டு முழுதாகப் பிரித்துப் பார்ப்போம். பிரிட்டனில் டீ டவல் விற்கும் கடைகளுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் ஒரு நிறுவனம் 30 கடிதங்கள் அனுப்பியது. பத்து வேலை நாளில் மூன்று பேர் எழுதினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நூற்றுக்குப் பத்து. மீதி 27 என்ன ஆயிற்று?

மூன்று கடிதங்கள் திரும்பிவிட்டன. திரும்பிய அஞ்சலில் 550 5.1.1 என்ற எண் இருந்தால் அப்படியொரு முகவரியே இல்லை என்று பொருள். பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட வேண்டியதுதான். 4 என்ற எண்ணில் தொடங்கினால் தடை தற்காலிகமானது, சர்வர் தானே மறுபடி முயலும். 5.7 என்று வந்தால் கவலைப்பட வேண்டும். முகவரி சரியாக இருக்கலாம். அனுப்புகிறவரைத்தான் எதிர்த் தரப்பு சர்வர் நம்பவில்லை.

இரண்டு பேரிடமிருந்து விடுமுறையில் இருப்பதாகத் தானியங்கிப் பதில் வந்தது. இன்னொரு தானியங்கிப் பதில், அந்த பையர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றது. ஆறு கடிதங்கள் பெயரில்லாத பொது முகவரிகளுக்குப் போயிருந்தன. வாடிக்கையாளர் புகாரும் பார்சல் விசாரணையும் வந்து விழும் பெட்டி அது. அங்கிருந்து கொள்முதல் பிரிவுக்குக் கடிதம் போய்ச் சேருவது அபூர்வம். மீதியிருந்த நிறுவனங்களின் இணையக் கடைகளைத் திறந்து பார்த்தபோது, நான்கு நிறுவனங்கள் படுக்கை விரிப்பு மட்டுமே விற்கின்றன என்று தெரிந்தது. அவர்கள் பதில் எழுதாததில் வியப்பில்லை.

மூன்று, இரண்டு, ஒன்று, ஆறு, நான்கு: மொத்தம் 16. சரியான ஆளிடம் போயும் பதில் பெறாதவை 11 மட்டுமே. பதில் எழுதிய மூவரையும் சேர்த்தால், கடிதம் உண்மையில் சோதிக்கப்பட்டது 14 பேரிடம். அதில் மூவர் எழுதியிருக்கிறார்கள் என்றால் ஐந்தில் ஒருவருக்கும் சற்று மேல். முன்பின் தெரியாதவரிடமிருந்து வந்த கடிதத்துக்கு இது நல்ல வரவேற்பு. இந்த வாரம் திருத்தவேண்டியது பெயர்ப் பட்டியலை. வாசகத்தைத் தலைகீழாக மாற்றியிருந்தால் ஓரளவு வேலை செய்துகொண்டிருந்த ஒன்றைக் கெடுத்திருப்பார்கள்.

இந்தப் பிரிப்பில் ஒரு நேர்மை தேவை. பதில் எழுதாதவர்களை மட்டும் சலித்து, இவர் தவறான ஆள், அவர் தவறான கடை என்று கழித்துக்கொண்டே போனால் எந்தக் கடிதத்தையும் வெற்றியாகக் காட்டிவிடலாம். பதில் எழுதியவர்களையும் அதே சல்லடையில் போட வேண்டும். பொது முகவரியிலிருந்து ஒரு பதில் வந்திருந்தால் அதுவும் கணக்கிலிருந்து கழியும். இதைவிட நல்லது, அடுத்த வாரம் முதல் அனுப்புவதற்கு முன்பே ஒவ்வொரு பெயரின் எதிரிலும் எழுதிவிடுவது: பெயருள்ள பையரா, நம் சரக்கை விற்கும் கடையா. முடிவு தெரிவதற்கு முன் எழுதியதைப் பிறகு வளைக்க முடியாது.

திரும்பாமலும் போய்ச் சேராமலும் இருக்கும் கடிதங்கள்தான் தொல்லை. ஸ்பேம் பெட்டியில் விழுந்த கடிதம் எந்தச் செய்தியும் தராது. திறந்து பார்த்தார்களா என்று காட்டும் கருவிகளையும் இதற்கு நம்ப முடியாது. ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த அஞ்சல் பாதுகாப்பு வசதி, பெறுகிறவர் கடிதத்தைத் தொடாமலிருக்கும்போதே அதிலுள்ள படங்களைத் தரவிறக்கிவிடுவதால், திறக்காத கடிதமும் திறந்ததாகவே பதிவாகிறது. நான் நம்புவது தானியங்கிப் பதில்களை. ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் ஸ்பேம் என்று ஒதுக்கிய கடிதத்துக்குப் பொதுவாக விடுமுறைப் பதில் போகாது. வாரந்தோறும் இரண்டு மூன்றாவது வந்துகொண்டிருந்தவை திடீரென அறவே நின்றால், கடிதங்கள் இன்பாக்ஸுக்குப் போவதில்லை என்று சந்தேகிக்கலாம். சொந்த ஜிமெயில் கணக்கு ஒன்றுக்கு அதே கடிதத்தை அனுப்பி, மூன்று புள்ளி மெனுவில் Show original என்பதைத் திறந்தால் SPF, DKIM, DMARC என்ற மூன்று வரிகள் தெரியும். மூன்றிலும் PASS என்று இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் நிறுவனத்தின் டொமைன் அமைப்பைச் சரிசெய்யும்வரை புதிய கடிதங்களை நிறுத்திவைப்பதே நல்லது.

இனி அந்த மூன்று பதில்கள். ஒருவர், எங்களுக்கு ஏற்கெனவே சப்ளையர் இருக்கிறார் என்று எழுதினார். மற்ற இருவரும் கேள்வி கேட்டார்கள். ஒரு டிசைனுக்குக் குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும், துணி எத்தனை ஜி.எஸ்.எம்., டிசைன் அச்சிடுவதா, நூலிலேயே சாயமேற்றி நெய்வதா? பதில்களில் மிக விலையுள்ள பகுதி இந்தக் கேள்விகள்தான். ஆர்வமுள்ளவர் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். அவ்வளவு ஆர்வமில்லாதவருக்கும் இதே கேள்வி எழுந்திருக்கலாம். கேட்பதற்குச் சோம்பி அடுத்த கடிதத்துக்குப் போயிருப்பார். பழைய கடிதத்தின் முதல் பத்தியில் நிறுவனம் தொடங்கிய வருடமும் தறிகளின் எண்ணிக்கையும் இருந்தன. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை எடுத்துவிட்டு, 50-க்கு 70 செ.மீ., முழுப் பருத்தி, 200 ஜி.எஸ்.எம்., நூல் சாயம், டிசைனுக்கு 500 என்று ஒரே வரியில் எழுதினால் இருவர் கேட்டதற்கும் முன்கூட்டியே விடை கிடைத்துவிடும்.

புதிய வரி பழையதைவிட நன்றாக வேலை செய்கிறதா என்று அறிய, சரிபார்த்த பட்டியலில் ஒன்றுவிட்டு ஒருவருக்குப் புதியதையும் மற்றவருக்குப் பழையதையும் அனுப்ப வேண்டும். முதல் பாதிக்கு ஒன்று, இரண்டாம் பாதிக்கு மற்றது என்று கொடுத்தால், பட்டியலின் தொடக்கத்தில் பெரிய கடைகளைப் போட்டிருப்பதுகூட முடிவைத் திருப்பிவிடும். வேறு எதையும் அந்த வாரம் மாற்றக் கூடாது.

முடிவைப் படிப்பதில் பொறுமை வேண்டும். ஒவ்வொன்றிலும் பதினைந்து அனுப்பி, புதியதற்கு நான்கும் பழையதற்கு இரண்டும் பதில் வந்தால் இரட்டிப்பு வெற்றி போலத் தோன்றும். ஆனால் இரண்டு கடிதங்களும் ஒரே தரத்தில் இருந்தாலும், ஆறு பதில்கள் மூன்றுக்கு மூன்று என்று சமமாகப் பிரிவது ஏறத்தாழ மூன்றில் ஒரு முறைதான். மற்ற நேரமெல்லாம் ஏதோ ஒரு பக்கம் சாயும். ஒரு வாரத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாமல் ஏழெட்டு வாரம் இரண்டையும் ஓடவிட்டு மொத்தத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றுமே வராத வாரத்துக்கும் இதே நிதானம் வேண்டும். சரியான 30 பேருக்கு எழுதி ஒரு பதிலும் வராவிட்டாலும், நூற்றுக்குப் பத்துப் பேர்வரை பதில் எழுதக்கூடிய கடிதமாக அது இருக்க வாய்ப்புண்டு.

பதில்களின் எண்ணிக்கையை மட்டும் துரத்துவதும் ஆபத்து. மிகக் குறைந்த விலை என்று தலைப்பில் போட்டால் பதில் கூடும். விலைப் பட்டியலை வாங்கிக்கொண்டு தம் பழைய சப்ளையரிடம் பேரம் பேசப் போகிறவர்கள் அதில் அதிகம். ஆகவே கணக்கில் பதில், சாம்பிள் கேட்டவர், ஆர்டர் என்று மூன்று கட்டங்கள் தனித்தனியே இருக்க வேண்டும். என் பார்வையில் சாம்பிள் கேட்டவர்களின் எண்ணிக்கையே கடிதத்தின் தரத்தைக் காட்டும் அளவு. ஆர்டருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் கடிதம் பலமுறை மாறியிருக்கும்.

பட்டியலைப் புதுப்பிக்கும்போது நாட்டுச் சட்டமும் உள்ளே வருகிறது. பிரிட்டனில் லிமிடெட் நிறுவனங்களுக்கு முன்அனுமதி இல்லாமல் வணிக அஞ்சல் அனுப்பலாம். அனுப்புகிறவர் யார் என்று தெரிய வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். தனிநபர் நடத்தும் கடைகளுக்கு அந்தச் சலுகை பொதுவாக இல்லை. ஜெர்மனியில் நிறுவனங்களுக்கும் முன்சம்மதம் தேவை. அங்குள்ள பையர்களை ஃபிராங்ஃபர்ட்டில் ஜனவரியில் கூடும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சியில் நேரில் பார்த்து, எழுதலாமா என்று கேட்டுக்கொள்வதே முறை. எழுத வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவர் பெயரைத் தனிப் பட்டியலில் வைத்து, ஒவ்வொரு முறையும் அனுப்பும் முன் அதோடு ஒப்பிட வேண்டும். வெறுமனே அழித்துவிட்டால் ஆறு மாதம் கழித்து வேறு யாராவது அதே பெயரைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பார்கள்.

மற்றவர்களுக்கு மறுபடி எழுத ஒவ்வொரு தேதி. விடுமுறையில் இருந்த இருவருக்கும் அவர்கள் திரும்பிய மூன்றாம் நாள். முதல் நாள் போனால் குவிந்த அஞ்சலோடு அழிபடும். பதில் தராத 11 பேருக்கு ஒரே ஒரு நினைவூட்டல், புதிய வரியோடு. சப்ளையர் இருக்கிறார் என்றவருக்கு அடுத்த பிப்ரவரியில், பர்மிங்ஹாமில் ஸ்பிரிங் ஃபேர் முடிந்த வாரம். புதிய டிசைன்களைப் பற்றிய பேச்சு அப்போது நடந்துகொண்டிருக்கும். வேலையை விட்டுப் போனவர் இரண்டு பெயர்களாகிறார். அவர் இடத்துக்கு வந்தவர் ஒருவர். வேறு கடையில் கொள்முதல் பொறுப்பேற்றிருந்தால் அவரே இன்னொருவர்.