கூட்டிக்கொண்டே போனால் எங்கே நிற்கும்?

புது வண்டி வாங்கினால் நம் ஊரில் ஒரு கணக்கு கட்டாயம் நடக்கும். நம்பர் பிளேட்டில் உள்ள எண்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். 4238 என்றால் 4+2+3+8 = 17, மறுபடி 1+7 = 8. 'ஐயோ, எட்டா?' என்று சிலர் பேன்சி நம்பருக்குப் பணம் கட்டக் கிளம்பிவிடுவார்கள். எட்டு நல்லதா கெட்டதா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. கூட்டிக்கொண்டே போகும் இந்தக் கணக்கு ஏன் எப்போதும் ஒரே இலக்கத்தில் வந்து நிற்கிறது என்பதுதான் கேள்வி. அதில் சின்னதாக ஒரே ஒரு மாற்றம் செய்தால் அது நிற்காமலே சுற்ற ஆரம்பித்துவிடும். அப்போது அதை எப்படி நிறுத்துவது என்பது அதைவிட நல்ல கேள்வி.

முதலில் நிற்கும் கணக்கு. இப்படி வரும் கடைசி இலக்கத்துக்கு இலக்க மூலம் என்று பெயர். ஓர் எண்ணில் இரண்டு இலக்கமோ அதற்கு மேலோ இருந்தால், அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை அந்த எண்ணைவிடக் கட்டாயம் சிறியதாகத்தான் இருக்கும். 4238-இல் முதல் 4 உண்மையில் நாலாயிரம். அதை வெறும் நான்காக எண்ணும்போதே 3996 குறைந்துபோகிறது. அதுபோல இருநூறு என்பது 2 ஆகும்போது 198-உம், முப்பது 3 ஆகும்போது 27-உம் குறைகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் எண் இறங்கிக்கொண்டே இருப்பதால், ஒற்றை இலக்கத்துக்கு வந்தே தீரும். வழியில் பார்த்த எண்ணை மறுபடி பார்க்க வழியே இல்லை. எனவே எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம்; 'பத்துக்குக் கீழே வரும்வரை கூட்டு' என்று சொன்னால் போதும்.

அந்தக் குறைவுகளை இன்னொரு முறை பாருங்கள்: 3996, 198, 27. மூன்றுமே ஒன்பதால் மீதியின்றி வகுபடுபவை. 10, 100, 1000 எல்லாமே ஒன்பதின் மடங்கோடு ஒன்று சேர்ந்தவை (9+1, 99+1, 999+1) என்பதால் இது எப்போதும் நடக்கும். அதாவது, கூட்டும் ஒவ்வொரு முறையும் நாம் எண்ணிலிருந்து ஒன்பதுகளைத்தான் கழிக்கிறோம். ஆகவே கடைசியில் மிஞ்சுவது, எண்ணை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதி. 4238-ஐ ஒன்பதால் வகுத்தால் 470 தடவை போக மீதி 8. மீதி பூஜ்யமாக வந்தால் மட்டும் விடை 9. வண்டி எண்ணைக் கூட்டிப் பார்ப்பவர் தனக்குத் தெரியாமலே ஒன்பதால் வகுத்துக்கொண்டிருக்கிறார்.

புரோகிராம் எழுதுபவர்கள் இதை `1 + (n - 1) % 9` என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மீதி பூஜ்யமானால் 9 தர வேண்டும் என்ற விதியும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆனால் `n` பூஜ்யமாக இருக்கும்போது ஒரு வேடிக்கை உண்டு. பூஜ்யத்தின் இலக்க மூலம் பூஜ்யம்தான். பைத்தானில் `-1 % 9` என்பது 8, எனவே சூத்திரம் 9 என்று தவறான விடை தரும். அதே வரியை சி மொழியிலோ ஜாவாவிலோ எழுதினால் `-1 % 9` என்பது -1, விடை 0. அங்கே சரியாக வருவது தற்செயல். பூஜ்யத்தைத் தனியாகக் கவனித்துக்கொள்வதே நல்லது.

இப்போது அந்தச் சின்ன மாற்றம். இலக்கங்களை அப்படியே கூட்டாமல், ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டுவோம். 19-ஐ எடுத்தால் 1+81 = 82. அடுத்து 64+4 = 68. அடுத்து 36+64 = 100. அடுத்து 1. ஒன்றுக்கு வந்துவிட்டால் அதன்பின் ஒன்றேதான். இப்படி ஒன்றில் போய் முடியும் எண்களை மகிழ்ச்சி எண்கள் என்கிறார்கள். நூறு வரை இருபது மகிழ்ச்சி எண்கள் உள்ளன. 2026-உம் அந்த வகைதான்: 44, 32, 13, 10, 1 என்று போகிறது.

இதற்கும் இலக்க மூலத்துக்கும் உறவு இருக்குமோ என்று தோன்றலாம். 19-இன் இலக்க மூலமும் 1 தானே? ஆனால் அப்படி உறவு இல்லை. 37-இன் இலக்க மூலமும் 1 தான், ஆனால் அது மகிழ்ச்சி எண் அல்ல. 7-இன் இலக்க மூலம் 7, ஆனால் அது மகிழ்ச்சி எண். ஒன்பதால் வகுக்கும் குறுக்குவழி இங்கே செல்லாது. நடந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

நடப்பதில்தான் சிக்கல். 3-இலிருந்து தொடங்குங்கள். 9, 81, 65, 61, 37, 58, 89, 145, 42, 20, 4, 16 என்று போய் மறுபடி 37. அதன்பின் அதே எட்டு எண்கள் திரும்பத் திரும்ப வரும், முடிவே இல்லை. எண் இறங்கிக்கொண்டே இருக்கும் என்ற உத்தரவாதம் போய்விட்டது. 9 என்ற ஒற்றை இலக்கம் 81 ஆக ஏறுகிறது, 89 என்பது 145 ஆகிறது.

நல்லவேளையாக இந்த ஏற்றத்துக்கு ஒரு கூரை இருக்கிறது. மூன்று இலக்க எண்ணில் அதிகபட்சம் 999; அதன் வர்க்கக் கூட்டுத்தொகை 81+81+81 = 243. நான்கு இலக்கத்தில் 9999-க்கே 324 தான் வரும், எந்த நான்கு இலக்க எண்ணும் அதைவிடப் பெரியது. பதினாறு இலக்கமுள்ள ஏடிஎம் கார்டு எண்ணைக் கொடுத்தாலும் முதல் அடியிலேயே 1296-க்குள் விழுந்துவிடும். ஆக, எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் சில அடிகளில் 243-க்குள் வந்துவிடும், வந்தபின் வெளியே போகாது. உள்ளே இருப்பவை மொத்தம் 243 எண்கள்தான். நடந்துகொண்டே இருந்தால், பார்த்த எண் ஒன்றை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். அடுத்த எண் என்ன என்பது இப்போதைய எண்ணை மட்டுமே பொறுத்தது. எனவே ஓர் எண் ஒருமுறை திரும்பி வந்தால், அதன்பின் நடப்பதெல்லாம் முன்பு நடந்ததேதான். அந்த இடத்தில் தைரியமாக நிறுத்தலாம்.

இதைத்தான் கீழே உள்ள நிரல் செய்கிறது. பார்த்த எண்களையெல்லாம் `seen` என்ற தொகுப்பில் போட்டுவைத்து, ஒவ்வொரு அடியிலும் 'இது முன்பே வந்ததா?' என்று கேட்கிறது.

```python
def next_value(n):
    total = 0
    while n > 0:
        n, d = divmod(n, 10)
        total += d ** 2
    return total

def is_happy(n):
    seen = set()
    while n != 1 and n not in seen:
        seen.add(n)
        n = next_value(n)
    return n == 1
```

`divmod(n, 10)` எண்ணைப் பத்தால் வகுத்து ஈவையும் மீதியையும் சேர்த்தே தருகிறது; மீதிதான் கடைசி இலக்கம். 3-ஐக் கொடுத்தால், `seen`-இல் 3 முதல் 16 வரை பதின்மூன்று எண்கள் சேர்ந்தபின் 37 இரண்டாம் முறை வருகிறது, சுற்று நிற்கிறது, விடை `False`.

பதின்மூன்று எண்ணையும் ஏன் வைத்திருக்க வேண்டும், தொடங்கிய எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு 'அது திரும்பி வந்ததா' என்று பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. 3 ஒருபோதும் திரும்பி வராது. கிளைச்சாலையிலிருந்து ரிங் ரோட்டில் ஏறியவர், வெளியேறாமல் எத்தனை சுற்று வந்தாலும் தன் தெருவைப் பார்க்கப்போவதில்லை. 3, 9, 81, 65, 61 ஆகிய ஐந்தும் கிளைச்சாலை, 37-இல்தான் சுற்றுச்சாலை தொடங்குகிறது. தொடங்கிய எண்ணை மட்டும் பார்க்கும் நிரல் 4-க்கும் 37-க்கும் ஒழுங்காக வேலை செய்யும். அதனாலேயே அந்தப் பிழை சோதனையில் தப்பிவிடும். 3-ஐக் கொடுத்தால்தான் திரை உறைந்து நிற்பது தெரியும்.

வரிகளின் வரிசையும் முக்கியம். முதலில் கேட்க வேண்டும், பிறகுதான் சேர்க்க வேண்டும். சேர்த்த கையோடு 'இது இருக்கிறதா' என்று கேட்டால், எப்போதும் இருக்கும். ஒன்றைத் தவிர எல்லா எண்ணும் மகிழ்ச்சியற்றதாகிவிடும். 7-ஐயும் 19-ஐயும் கொடுத்துப் பார்த்தால் இது உடனே பிடிபடும். இலக்க மூலத்துக்கு எழுதிய நிரலை நகலெடுத்து, 'பத்துக்குக் கீழே வந்தால் நிறுத்து' என்ற நிபந்தனையை அப்படியே விட்டுவைப்பது இன்னொரு வகைப் பிழை. 1112-இன் வர்க்கக் கூட்டுத்தொகை 7. நிரல் அங்கேயே நின்று, 'ஒன்று இல்லையே' என்று கைவிரிக்கும். ஆனால் 7-இலிருந்து பாதை 49, 97, 130, 10, 1 என்று போகிறது.

இத்தனை சின்னக் கணக்குக்குத் தொகுப்புக்குப் பதில் பட்டியலில் போட்டுத் தேடினாலும் நேர வித்தியாசம் தெரியாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டியலில் முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் தேட வேண்டும். `set` கிட்டத்தட்ட ஒரே எட்டில் பதில் சொல்லும். பாதை லட்சக்கணக்கில் நீளும் கணக்குகளில்தான் அது பெரிதாகத் தெரியும்.

தொகுப்பே வேண்டாம் என்பதற்கும் ஒரு வழி உண்டு. ஆர்தர் போர்ஜஸ் 1945-இல் அமெரிக்கன் மேத்தமட்டிகல் மன்த்லி இதழில் இந்த எட்டு எண்களைப் பற்றி எழுதினார். பூஜ்யத்தைத் தவிர, ஒன்றில் முடியாத எந்த எண்ணும் இந்த ஒரே சுழற்சியில்தான் விழும், வேறு சுழற்சி கிடையாது. 1 முதல் 243 வரை மேலே உள்ள நிரலை ஓட்டி, `seen`-இல் சேரும் எண்களைப் பார்த்து நாமே சரிபார்த்துவிடலாம். அது தெரிந்துவிட்டால், `while n != 1 and n != 4` என்று எழுதினால் போதும். சுழற்சிக்குள் போன எண் எப்படியும் 4-ஐக் கடந்தாக வேண்டும்.

கச்சிதமான வரிதான். ஆனால் அது வர்க்கத்துக்கும் பத்தடிமான எண்களுக்கும் மட்டுமே செல்லும். `d ** 2` என்பதை `d ** 3` ஆக்கி, கனங்களைக் கூட்டிப் பாருங்கள். 153-க்கு 1+125+27, அதாவது 153, தன்னிடமே நின்றுவிடுகிறது. 371-உம் அப்படியே. 55 என்பது 250, 133 வழியாக மறுபடி 55-க்கு வருகிறது. 136-க்கு 1+27+216 = 244, 244-க்கு 8+64+64 = 136. ஒரு சுழற்சி இருந்த இடத்தில் பல முளைத்துவிட்டன, இவற்றில் எதிலும் 4 இல்லை. 4-ஐ எதிர்பார்த்திருக்கும் நிரல் 136-க்கும் 244-க்கும் இடையே ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். `seen` வைத்திருக்கும் நிரலில் வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை. எந்தச் சுழற்சி எங்கே இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஆனாலும் 136 இரண்டாம் முறை வந்ததும் நின்று `False` என்கிறது. 112-ஐக் கொடுத்தால் 10, 1 என்று போய் `True` என்கிறது.