தேன்கூட்டுத் தாளில் அச்சான முகம்

1980களின் குடும்பப் படங்கள் பல, தேன்கூடு போல் மேடுபள்ளம் கொண்ட தாளில் அச்சானவை. குழுப்படத்தில் அத்தை கண்ணை மூடிவிட்டார். அதே நாள் எடுத்த இன்னொரு படத்தில் கண் திறந்திருக்கிறது. அந்த முகத்தை எடுத்து இங்கே ஒட்டலாம். ஆனால் தாளின் அறுகோணங்களும் கூடவே வரும். முகத்தைச் சற்றுச் சுருக்கினாலோ திருப்பினாலோ அவை பிக்சல் வரிசையோடு மோதி, கன்னத்தில் அலையலையான கோடுகளாகிவிடும். அதனால் முதலில் சுத்தம், பிறகுதான் வெட்டு.

ஸ்கேனரின் விளக்கு பெரும்பாலும் ஒரு பக்கமிருந்தே விழுகிறது. மேடுகளின் நிழலும் ஒரே பக்கம் சாய்கிறது. எனவே அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் ஒருமுறை ஸ்கேன் செய்து, தாளை 180 பாகை திருப்பி மறுமுறை எடுங்கள். கணினியில் இரண்டாவதை நேராக்கி, முதலாவதன்மேல் துல்லியமாகப் பொருத்தி, 50 சதவீத ஒளிபுகும் தன்மை கொடுங்கள். எதிரெதிர் நிழல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இமைமுடி இரட்டையாகத் தெரிந்தால் பொருத்தம் பிசகியிருக்கிறது.

மிஞ்சும் வடிவத்தை ஃபூரியே வடிகட்டியில் பாருங்கள்: நடுப்புள்ளியைச் சுற்றி ஆறு நட்சத்திரங்கள். அவற்றை மட்டும் கறுப்பாக்குங்கள். நடுவைத் தொட்டால் படத்தின் வெளிச்சமே போய்விடும். மங்கலாக்கும் கருவி வேண்டவே வேண்டாம், அத்தை மெழுகுப்பொம்மை ஆகிவிடுவார்.

திரையை செல்போனில் எடுத்த படத்துக்கு இந்தத் திருப்பும் வித்தை உதவாது. திரை கையிலிருந்தால், தூரத்தையும் கோணத்தையும் சற்று மாற்றி மீண்டும் எடுப்பதே சுலபம்.