பச்சைத் தண்ணீரா, கொதிநீரா?

சம்பந்தி வீட்டாருக்கு அன்று விருந்து. பிரியாணி தம்மில் இருந்தது. தாளிச்சாவும் தயிர்ப் பச்சடியும் தயாராகிவிட்டன. ஒவ்வொரு தட்டிலும் சோற்றின்மேல் வைப்பதற்காக ஓர் அட்டை முட்டையை, அதாவது 30 முட்டைகளை, அவித்து உரித்துத் தரும் பொறுப்பு அவ்வீட்டின் புது மருமகளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

ஓட்டை உரிக்க உரிக்க வெண்கருவும் துண்டுதுண்டாகப் பெயர்ந்து வந்தது. அம்மை வடு விழுந்த முகம்போல முட்டைகள் குழிகுழியாக நின்றன. சிலவற்றை இரண்டாக வெட்டிப் பார்த்தபோது மஞ்சள் கருவைச் சுற்றிக் கரும்பச்சை வளையம் தெரிந்தது. தட்டில் வைக்கும் தகுதியோடு தேறியவை பத்துக்கும் குறைவு.

"முட்டை உரிக்கக்கூடக் கைப்பக்குவம் இல்லையா?" என்று மாமியார் கேட்டதும் அந்தப் பெண்ணின் கண்கள் கலங்கிவிட்டன. அருகில் இருந்தவர் குடும்பத்தில் மூத்தவர். பல விருந்துகளுக்குச் சமையலை மேற்பார்த்தவர். அவர் குறுக்கிட்டு மூன்று கேள்விகளை மட்டும் கேட்டார்.

"முட்டை எப்போது வாங்கியது, மகளே?"

"இன்று காலையில்தான் பெரிய மாமி, பண்ணையிலிருந்து நேராக வந்தது."

"எந்தத் தண்ணீரில் போட்டாய்?"

"பச்சைத் தண்ணீரில் போட்டு, பிறகு அடுப்பைப் பற்றவைத்தேன்."

"அவிந்த பின்?"

"வெந்நீரிலேயே கொஞ்ச நேரம் இருந்தன. பிறகு குழாய்த் தண்ணீர் ஊற்றினேன்."

"அப்படியானால் குறை உன் கையில் இல்லை" என்றார் அவர். அந்த மூன்று கேள்விகளுக்குள்ளேதான் முட்டை அவிக்கும் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

புதிய முட்டையின் பிடிவாதம்

முட்டை ஓட்டின் உட்புறத்தில் மெல்லிய சவ்வுகள் இரண்டு உண்டு. ஒன்று ஓட்டோடும், மற்றொன்று வெண்கருவோடும் ஒட்டியிருக்கும். நாம் ஓடு உரிப்பதாகச் சொன்னாலும், உண்மையில் பிரிக்க வேண்டியது உட்சவ்வையும் வெண்கருவையுமே. அவை எளிதில் பிரிந்தால் முட்டை வழவழப்பாக வெளிவரும். பிரிய மறுத்தால் வெண்கரு பிய்ந்து சவ்வோடு போய்விடும்.

அப்போதுதான் இட்ட முட்டையின் வெண்கருவில் கரியமிலவாயு கரைந்திருக்கும். நாள் செல்லச் செல்ல, ஓட்டிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் வழியே அது வெளியேற, வெண்கருவின் காரத்தன்மை கூடும். காரம் கூடிய வெண்கரு, அவிந்த பின் சவ்வைப் பற்றிக்கொள்வது குறைவு. ஆகவே புத்தம்புதிய முட்டையைவிட ஒரு வாரம் சென்ற முட்டை எளிதில் உரியும்.

முட்டையின் வயதை அறிய எளிய வழி உண்டு. ஒரு கிண்ணத் தண்ணீரில் அதை இடுங்கள். அடியில் படுத்துக் கிடந்தால் புதியது. அடியிலேயே இருந்து, பருத்த முனை மட்டும் சற்று மேலெழுந்து நின்றால் சில நாட்கள் ஆனது. அவித்து உரிக்க ஏற்றது. மேலே மிதந்தால் மிகப் பழையது. அதை ஒதுக்கிவிடுவதே நலம்.

தண்ணீரில் இருக்கும் வேறுபாடு

விருந்து நாளன்று முட்டைக்கு வயதாகட்டும் என்று காத்திருக்க இயலாது. அப்போது கைகொடுப்பது கொதிநீர்.

பச்சைத் தண்ணீரில் இட்டு அடுப்பில் ஏற்றும்போது, தண்ணீரோடு சேர்ந்து முட்டையும் மெல்ல மெல்லச் சூடாகிறது. வெண்கரு சிறிது சிறிதாக இறுகும் அந்த நேரத்தில் அது உட்சவ்வோடு பிணைந்துகொள்கிறது. கொதிக்கும் நீரில் நேரே இறக்கினாலோ, வெண்கருவின் வெளிப்படலம் சட்டென்று இறுகி உள்நோக்கிச் சுருங்குகிறது. சவ்வோடு பிணைய அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஜே. கெஞ்சி லோபஸ்-ஆல்ட், முட்டைகளைப் பலவாறு அவித்து உரித்துப் பார்த்தவர். 2015-இல் வெளிவந்த 'தி ஃபுட் லேப்' என்னும் தம் நூலில் அவரும் சூடான தொடக்கத்தையே பரிந்துரைக்கிறார்.

கொதிநீரால் மற்றொரு நன்மையும் உண்டு. பச்சைத் தண்ணீர் கொதி நிலைக்கு வர எவ்வளவு நேரமாகும் என்பது அடுப்பின் வேகம், பாத்திரத்தின் கனம், தண்ணீரின் அளவு ஆகியவற்றைப் பொறுத்தது. ஒரு வீட்டின் கணக்கு மறு வீட்டிற்குப் பொருந்தாது. கொதிநீரில் இட்டால், இட்ட நொடியிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம். சுமார் 55 கிராம் எடையுள்ள கடை முட்டை, குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்படாததாக இருந்தால், 6 அல்லது 7 நிமிடங்களில் மஞ்சள் கரு இளகிய பதத்திலும், 10 அல்லது 11 நிமிடங்களில் பிரியாணிக்கு வேண்டிய கெட்டியான பதத்திலும் இருக்கும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததாயின் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் மேலும் சில நிமிடங்கள் தேவைப்படும்.

"கொதிநீரில் போட்டால் ஓடு வெடித்துவிடுமே?" என்ற அச்சம் நியாயமானதே. முட்டையின் பருத்த முனையில் ஒரு காற்றறை இருக்கிறது. சூடு பட்டதும் அக்காற்று விரிகிறது. நுண்துளைகள் வழியே போதிய வேகத்தில் வெளியேற முடியாதபோது ஓடு விரிசல் காண்கிறது. குண்டூசியால் பருத்த முனையில் ஒரு சிறு துளையிட்டால் காற்றுக்கு வழி கிடைக்கும். முட்டைகளைக் கையால் எறியாமல் ஜல்லிக் கரண்டியில் வைத்து மெல்ல இறக்க வேண்டும். இறக்கிய பின் தண்ணீர் குதித்துக் கொதித்தால் முட்டைகள் ஒன்றோடொன்று மோதும். ஆகவே மீண்டும் கொதி வந்ததும் தீயைக் குறைத்து, சிறு குமிழிகள் எழும் அளவில் வைத்திருங்கள். ஒரு கைப்பிடி உப்பு சேர்த்திருந்தால், தப்பித்தவறி விரிசல் விட்டாலும் கசியும் வெண்கரு விரைவில் இறுகி அத்துளையை அடைத்துக்கொள்ளும். வெடிக்கும் அச்சம் அறவே கூடாதென்பவர்கள், நன்கு ஆவி வந்த இட்லிப் பானையின் தட்டில் முட்டைகளை அடுக்கி 12 நிமிடங்கள் வேகவைக்கலாம். அதுவும் சூடான தொடக்கமே.

பனிக்கட்டி நீர் எதற்கு?

அடுப்பிலிருந்து எடுத்துவிட்டதால் முட்டை வேகுவது நின்றுவிடாது. வெளிப்புறத்தில் தங்கிய வெப்பம் தொடர்ந்து உள்ளே சென்றுகொண்டிருக்கும். 10 நிமிடத்தில் எடுத்த முட்டை, வெந்நீரிலேயே கிடந்தால் 15 நிமிடம் வெந்ததற்கு ஒப்பாகிவிடும். கரும்பச்சை வளையம் தோன்றுவது இப்படித்தான். நெடுநேரம் சூடுபட்ட வெண்கருவிலிருந்து கந்தகம் கலந்த வாயு பிறக்கிறது. அது மஞ்சள் கருவிலுள்ள இரும்போடு கூடும்போது அந்த நிறம் தோன்றுகிறது. உண்பதற்குத் தீங்கில்லை, ஆனால் பார்வைக்கு அழகில்லை, மணமும் சற்றுக் கெடும்.

முட்டையை உடனே பனிக்கட்டி நீரில் இட்டால் வேகுவது நின்றுவிடும். வாயு பிறப்பதும் குறையும். பிறந்ததும் குளிர்ந்த ஓட்டின் பக்கமாக நகரும், மஞ்சள் கருவை நாடாது. வெண்கருவும் நன்கு இறுகுவதால் உரிக்கும்போது விரல் பட்டுச் சிதையாது. எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பச்சைத் தண்ணீரில் தொடங்கிச் சவ்வோடு பிணைந்துவிட்ட முட்டையைப் பனிக்கட்டி நீர் பிரித்துக் கொடுத்துவிடாது. உரிவதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தொடக்கம். பதத்தைக் காப்பது பனிக்கட்டி நீர்.

நம் ஊர்களில் கோடையில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும். அதை ஊற்றிவிட்டு ஆறிவிட்டதாக நினைப்பது தவறு. அதில் நாலைந்து பனிக்கட்டிகளைப் போடுவதும் பயன் தராது, நொடியில் கரைந்துவிடும். 15 முட்டைகளுக்கு 2 லிட்டர் தண்ணீரும் ஒன்றரைக் கிலோ பனிக்கட்டியும் வேண்டும். சரியான அளவுக்கு அடையாளம், கால் மணி நேரம் சென்று முட்டையை எடுக்கும்போதும் சில கட்டிகள் மிதந்துகொண்டிருப்பது. இரண்டும் குடிக்கத் தகுந்த தூய்மை உடையனவாக இருப்பது கட்டாயம். சூடான முட்டை குளிர்ந்து சுருங்கும்போது, சுற்றியுள்ள நீரை நுண்துளைகள் வழியே சிறிதளவு உள்ளே இழுத்துக்கொள்ளும். மீன் கடையில் வாங்கும் பனிக்கட்டி இதற்கு ஆகாது.

மறுமுறை நடந்தது

அடுத்த மாதம் அதே வீட்டில் மற்றொரு விருந்து. இம்முறையும் முட்டை அன்று காலையில்தான் வந்தது. மருமகள் 30 முட்டைகளையும் ஒரே பாத்திரத்தில் திணிக்காமல், 15 வீதம் இரண்டு ஈடாகப் பிரித்துக்கொண்டார். பெரிய பாத்திரத்தில் 4 லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே முட்டைகளை இறக்கினார். பாதி அளவுத் தண்ணீராக இருந்திருந்தால், 15 முட்டைகள் விழுந்ததும் அதன் சூடு மிகவும் தணிந்து, பச்சைத் தண்ணீர்க் கதையாகவே முடிந்திருக்கும். மீண்டும் கொதி வரும்வரை முழுத் தீ, பிறகு சிறு தீ, ஆக மொத்தம் 11 நிமிடங்கள்.

வெந்நீரை வடித்ததும், குடிநீரை ஒரு முறை ஊற்றி அலசிக் கொட்டினார். முதற்சூட்டை அது வாங்கிக்கொண்டதால் பனிக்கட்டி வீணாகவில்லை. பிறகு கால் மணி நேரம் பனிக்கட்டி நீர். உரிக்கும்போது காற்றறை உள்ள பருத்த முனையை முதலில் தட்டி உடைத்து, அங்கிருந்தே சவ்வையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீருக்குள் வைத்து உரித்தார்.

புத்தம்புதிய முட்டை என்பதால் நான்கில் மட்டும் சிறு குழிகள் விழுந்தன. மற்ற 26 முட்டைகளும் பளிங்குபோல வந்தன. வெட்டிப் பார்த்த ஒன்றில் மஞ்சள் கரு, வளையமின்றிச் சாமந்திப் பூவின் நிறத்தில் இருந்தது. குழி விழுந்த நான்கையும் நறுக்கி முட்டை மசாலாவில் சேர்த்துவிட்டார்கள்.

இரண்டாம் ஈட்டுக்குக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பருகே நின்றவர் மாமியார். "பத்து நிமிடம் ஆகிவிட்டது மகளே, பனிக்கட்டியை எடுத்து வை" என்றார் அவர்.